பீப்பாயில் உள்ள எண்ணெயின் நிறையைக் கணக்கிடுவது எப்படி: நீரோடு ஒப்பிட்டு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டன் பக்கத்தில் ஒரு மொத்த விற்பனைக் கடையின் களஞ்சியக் கணக்கை நான் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். தேங்காய் எண்ணெய் எங்களுக்குப் பீப்பாயில் வருகிறது. நாங்கள் பரல் என்று சொல்லும் இரும்புப் பீப்பாய்தான் அது. சிட்டையில் அது கிலோகிராமில் எழுதப்பட்டிருக்கும். கடையிலோ போத்தல் கணக்கில் விற்கிறோம். எங்களிடம் இருப்பது ஐம்பது கிலோ வரை தாங்கும் தொங்கு தராசு மட்டுமே என்பதால், இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட பீப்பாயைத் தூக்கி நிறுக்க வழியில்லை. எனவே உள்ளே இருக்கும் எண்ணெயின் கனவளவை அளந்து, அதன் சாரடர்த்தியால் பெருக்கித்தான் நிறையைக் காண வேண்டியிருக்கிறது.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்று வரும். ஒரு சாரார் இருநூறு லீற்றர் என்றால் இருநூறு கிலோ என்று எழுதிவிடுவார்கள். மற்றச் சாரார் எண்ணெய் கொழகொழவென்று தடிப்பாக இருப்பதைப் பார்த்து, அது நீரை விடப் பாரமாகத்தான் இருக்கும் என்று எண்ணி, இருநூறுக்கு மேலே எழுதுவார்கள். தடிப்பு வேறு, அடர்த்தி வேறு. தடிப்பு என்பது திரவம் ஓடுவதற்குத் தயங்குவது. அடர்த்தி என்பது ஒரு லீற்றருக்குள் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பது. ஒரு துளி தேங்காய் எண்ணெயை ஒரு கோப்பை நீரில் விட்டால் அது மேலே வந்து மிதப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே அளவு நீரை விட எண்ணெய் இலேசானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எவ்வளவு இலேசு என்பதைத்தான் அளந்து காண வேண்டும்.

சாரடர்த்தி என்பது, ஒரு குறித்த கனவளவு திரவத்தின் நிறையை அதே கனவளவு நீரின் நிறையால் வகுத்து வரும் எண். சில புத்தகங்களில் இதைத் தன்னீர்ப்பு என்றும் ஒப்படர்த்தி என்றும் எழுதியிருப்பார்கள். நிறையை நிறையால் வகுப்பதால் அதற்கு அலகு கிடையாது. பாடசாலையில் திணிவு என்று படித்ததைத்தான் கடையில் நிறை என்கிறோம். இங்கும் அந்தக் கடைவழக்கிலேயே எழுதுகிறேன்.

1. தொடங்குவதற்கு முன் தேவையானவை

பீப்பாயின் உயரத்தை விடச் சற்று நீளமான, மெல்லிய, நேரான குச்சி ஒன்று வேண்டும். அலுமினியக் கம்பி நல்லது. மரக்குச்சி எண்ணெயை உறிஞ்சி ஈரக்கோட்டை மேலே ஏற்றிக் காட்டும். பீப்பாயின் சிறிய வாய்க்குள்ளும் அது நுழைய வேண்டும் என்பதால் விரலை விட மெல்லியதாக இருக்கட்டும்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, கழுத்து ஒடுங்கிய சுத்தமான கண்ணாடிப் போத்தல், வெப்பமானி, ஒரு மீற்றர் நீளமுள்ள விரற்கடை அகலத் தெளிவான பிளாஸ்டிக் குழாய், தையற்காரர் வைத்திருக்கும் நாடா ஆகியவையும் வேண்டும். இவற்றில் எதையும் பீப்பாயைத் திறந்த பின்னர் தேடக் கூடாது. பீப்பாய் குளிர்ந்துகொண்டிருக்கும்போது தேடுவதில் போகும் ஒவ்வொரு அரைமணி நேரமும் கணக்கைக் குழப்பும். அதன் காரணத்தை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

2. முதலில் நீரால் குச்சிக்குக் கோடு போடுதல்

எண்ணெயைத் தொடுவதற்கு முன்னர், அதே வகைப் பீப்பாய் ஒன்றை வெறுமையாக எடுத்து நீரால் அளந்து வைக்க வேண்டும். எண்ணெய் ஊற்றப் போகும் பீப்பாயில் இதைச் செய்யாதீர்கள். எவ்வளவு துடைத்தாலும் உள்ளே ஈரம் தங்கிவிடும், எண்ணெய் கெட்டுப்போகும். பழைய பீப்பாய் ஒன்று எல்லாக் கடையிலும் மழைநீர் பிடிக்க நிற்கும். அதைக் கழுவிப் பயன்படுத்தலாம்.

ஒரு கேனில் நீரை எடுத்துத் தொங்கு தராசில் மாட்டி, கேனின் நிறையைக் கழித்து, சரியாக இருபது கிலோ நீர் வரும்படி செய்து பீப்பாயில் ஊற்றுங்கள். குச்சியை அடிவரை இறக்கி, ஈரம் நிற்கும் இடத்தில் ஒரு கோடு கீறுங்கள். இப்படிப் பத்துத் தடவை. கேனில் அச்சிட்டிருக்கும் லீற்றர்க் கோட்டை நம்பி ஊற்றாமல் நிறுத்து ஊற்றுவதற்குக் காரணம், கேன் நிரம்பும்போது அதன் பக்கங்கள் வெளியே பிதுங்குவதால் அந்தக் கோடு நிலையாக நிற்காது என்பதே. நீரின் நிறையோ நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் 998 கிராம் இருக்கும். எனவே இருபது கிலோ நீர் 20.04 லீற்றர், பத்துத் தடவை ஊற்றினால் 200.4 லீற்றர்.

எங்கள் பீப்பாயில் பத்தாவது கோடு 77.8 சென்ரிமீற்றரில் விழுந்தது. கோடுகளுக்கு இடையில் ஏறத்தாழ 7.8 சென்ரிமீற்றர் இருந்தது. இரண்டு இடைவெளிகள் மட்டும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு குறைந்திருந்தன. முதலில் என் கை பிசகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால் அந்த இரண்டு இடங்களிலும் வெளியே பீப்பாயை உருட்டுவதற்கான வளையங்கள் புடைத்திருந்தன. அந்தப் புடைப்புக்குள்ளும் கொஞ்சம் நீர் போய் உட்காருவதால், அங்கே மட்டம் சற்றுக் குறைவாகவே ஏறுகிறது.

நீரால் அளக்க முடியாதவர்கள் நாடாவால் கணக்கிடலாம். வளையம் இல்லாத சமமான இடத்தில் பீப்பாயைச் சுற்றி நாடாவை இழுத்து, கிடைக்கும் சுற்றளவை 3.1416 ஆல் வகுத்தால் வெளிவிட்டம் வரும். எங்கள் பீப்பாயின் சுற்றளவு 180.2 சென்ரிமீற்றர், வெளிவிட்டம் 57.36. தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர் என்று கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் 0.2 கழித்தால் உள்விட்டம் 57.16. பின்னர்:

ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு லீற்றர் = 57.16 × 57.16 × 0.7854 ÷ 1000 = 2.566

இந்த எண்ணில் வளையங்களின் புடைப்பு சேரவில்லை. இரண்டு வளையங்களுக்குமாக முக்கால் லீற்றர் அளவு விடுபட்டுப்போகும். கணக்கை நீருடன் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது எங்களுக்குத் தெரிய வந்தது. இரண்டு வழியையும் ஒருமுறை செய்து பார்த்து, இரண்டும் ஒரு லீற்றருக்குள் ஒத்துப் போனால், நாடாவிலோ கோட்டிலோ பெரிய பிழை எதுவும் இல்லை என்று கொள்ளலாம்.

3. பீப்பாய் இறங்கியவுடன் செய்ய வேண்டிய ஒழுங்கு

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். கொழும்பிலோ குருணாகலிலோ இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நுவரெலியாவில் ஆண்டின் சராசரி வெப்பநிலையே 16 பாகைக்கு அண்மையில்தான் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கங்களிலும் இரவில் எண்ணெய் வெள்ளையாக இறுகிப் போகும். கீழே இருந்து லொறியில் வரும் எண்ணெய் பிற்பகலில் இறங்கும்போது இன்னும் இளஞ்சூட்டுடன், தெளிவாக இருக்கும். அளப்பதற்கு அதுதான் சரியான நேரம்.

எனவே ஒழுங்கு இதுதான்: பீப்பாயை இறக்கி நிமிர்த்தி வையுங்கள், வெப்பநிலையைப் பாருங்கள், மட்டத்தை அளவுங்கள், அடியில் நீர் இருக்கிறதா என்று சோதியுங்கள், உடனே போத்தலில் மாதிரி எடுத்து நிறுங்கள். இவை அனைத்தும் ஒரே பிற்பகலில், இடைவெளி விடாமல் நடக்க வேண்டும். மட்டத்தை இன்று அளந்து சாரடர்த்தியை நாளை அளந்தால், இரண்டும் இரண்டு வேறு வெப்பநிலைக்கு உரியவையாகிவிடும். எண்ணெய் ஒரு பாகை குளிரும்போது அதன் கனவளவு பத்தாயிரத்தில் ஏழு பங்கு, அதாவது 0.07 வீதம், சுருங்குகிறது. இருநூறு லீற்றர் பீப்பாய் 28 பாகையிலிருந்து 24 பாகைக்கு வரும்போது அரை லீற்றருக்கு மேல் குறைந்திருக்கும். அதில் ஒரு துளியும் எங்கும் போகவில்லை, நிறையும் அப்படியே இருக்கிறது. கனவளவு மட்டும் குறைந்துவிட்டது.

4. மட்டத்தை இரண்டு வாயாலும் அளத்தல்

மூடிய இரும்புப் பீப்பாயின் மேற்தட்டில் இரண்டு வாய்கள் இருக்கும். பெரியது ஒரு ஓரத்தில், சிறியது அதற்கு எதிர் ஓரத்தில். பெரும்பாலானோர் பெரிய வாயை மட்டும் திறந்து குச்சியை விடுவார்கள். தரை சமமாக இருந்தால் அது போதும். எங்கள் பகுதியில் சமமான தரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பீப்பாய் ஒரு பக்கமாக ஒரு சென்ரிமீற்றர் சாய்ந்து நின்றால் கூட, ஓரத்தில் விடும் குச்சி நடுவிலுள்ள உண்மையான மட்டத்திலிருந்து நான்கு மில்லிமீற்றர் அளவு விலகிக் காட்டும். அது ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய்.

இரண்டு வாயையும் திறந்து இரண்டிலும் அளந்து, கூட்டி இரண்டால் வகுத்துவிட்டால், அந்தத் திசையில் உள்ள சாய்வு தானாகவே கழிந்துவிடும். சாய்வு குறுக்குத் திசையில் இருந்தால் அது இரண்டு அளவையும் ஒரே மாதிரிதான் தொடும். வாய்கள் நடுக்கோட்டின் மேல் இருப்பதால் அதனால் பிழை வராது. மட்டப்பலகை தேடுவதை விட இது எளிது.

குச்சியை நேராக, மெதுவாக இறக்க வேண்டும். வேகமாக விட்டால் எண்ணெய் குச்சியில் ஏறி, ஈரக்கோடு உயர்ந்து தெரியும். எண்ணெய் நிறமற்று இருப்பதால் கோடு கண்ணுக்குப் படாவிட்டால், குச்சியின் அந்தப் பகுதியில் கொஞ்சம் சோக்குத் தூளைத் தடவிவிட்டு இறக்கினால் ஈரம் பட்ட இடம் கறுத்துத் தெளிவாகத் தெரியும். உணவு எண்ணெய் என்பதால் தூளை மேல்மட்டத்துக்கு அருகில், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பூசுங்கள். மூன்று தடவை அளந்து, மூன்றும் மூன்று மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போகும் வரை எண்ணை எழுத வேண்டாம்.

படுக்க வைத்த பீப்பாயில் இந்தக் கணக்கு செல்லாது. அதில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரத்துக்கும் வேறு வேறு கனவளவு வரும், பாதி உயரத்தில் மட்டுமே பாதி எண்ணெய் இருக்கும். நிமிர்த்தி வைத்து, அலை அடங்கும் வரை காத்திருந்து அளப்பதுதான் ஒரே வழி.

5. அடியில் நீர் இருக்கிறதா என்று பார்த்தல்

இதைத்தான் புதியவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். மேலும் இந்தப் பிழையைத் தராசு ஒருநாளும் காட்டிக்கொடுக்காது.

வெளியே நிமிர்ந்து நிற்கும் பீப்பாயின் மேற்தட்டில், விளிம்பு உயர்ந்திருப்பதால், மழைநீர் தேங்கும். பகலில் வெயில் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் இடுக்கால் வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து, மூடியைச் சுற்றித் தேங்கியிருக்கும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடியின் வாஷர் பழையதாக இருந்தால் ஒரு மழைக்காலத்திலேயே கணிசமான நீர் சேர்ந்துவிடும். நீர் எண்ணெயை விடப் பாரமானது என்பதால் அது நேராக அடிக்குப் போய்த் தங்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு முழுப் பீப்பாயும் நல்ல எண்ணெயாகவே தெரியும்.

பிளாஸ்டிக் குழாயின் மேல்முனையைப் பெருவிரலால் அடைத்தபடி அடிவரை இறக்குங்கள். அடைத்திருப்பதால் இறங்கும் வழியில் எண்ணெய் உள்ளே ஏறாது. அடியைத் தொட்டதும் விரலை எடுத்தால் அங்கே இருப்பது முதலில் உள்ளே ஏறும். மீண்டும் விரலால் அடைத்துத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீர் இருந்தால் குழாயின் கீழ்ப்பகுதியில் தெளிவான ஒரு கோட்டுடன் பிரிந்து நிற்கும். நீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பதை அந்தக் குழாயை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். ஒருமுறை அடியிலும், பிறகு ஒவ்வொரு சென்ரிமீற்றராக உயர்த்தியும் மாதிரி எடுத்து, எந்த உயரத்தில் எண்ணெய் மட்டும் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடியில் இரண்டு சென்ரிமீற்றர் நீர் என்றால் ஐந்து லீற்றருக்கு மேல். மட்டத்தை மட்டும் அளந்தவர் அதை எண்ணெய் என்று எண்ணி 4.7 கிலோ எண்ணெயைக் கணக்கில் ஏற்றியிருப்பார். பெரிய தராசு வைத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம்: அந்த இடத்தில் இருப்பது நீர் என்பதால் பீப்பாய் வழக்கத்தை விடச் சற்றுக் கூடுதலாகவே நிறுக்கும், அவரும் எண்ணெய் கூடுதலாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்துவிடுவார். நீரின் உயரத்தை மொத்த உயரத்திலிருந்து கழித்த பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

6. போத்தலால் சாரடர்த்தியைக் காணுதல்

நீரமானி வைத்திருப்பவர்கள் அதை மிதக்கவிட்டு நேரே படித்துக்கொள்ளலாம். கடைகளில் அது இருப்பதில்லை. ஒரு போத்தலும் தராசும் போதும்.

போத்தலின் ஒடுங்கிய கழுத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கழுத்து ஒடுங்கியிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு மில்லிமீற்றர் கூடக் குறையப் பல மில்லிலீற்றர் மாறிவிடும், ஒடுங்கிய கழுத்தில் அது ஒன்றிரண்டு துளிகளுக்குள் அடங்கிவிடும். உலர்ந்த போத்தலை முதலில் வெறுமையாக நிறுங்கள். பிறகு கோடு வரை நீர் விட்டு நிறுங்கள். நீரைக் கொட்டி, நன்றாக உலர்த்தி, அதே கோடு வரை எண்ணெய் விட்டு நிறுங்கள். நீரை முதலிலும் எண்ணெயைப் பிறகும் எடுப்பது, எண்ணெய் பட்ட போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் சுவரில் படலம் தங்கிவிடும் என்பதால்தான்.

மலைநாட்டுக் குழாய்நீர் எண்ணெயை விட மிகவும் குளிர்ந்திருக்கும். அதைச் சற்று வெந்நீர் கலந்து எண்ணெயின் வெப்பநிலைக்குக் கொண்டு வந்து பயன்படுத்துங்கள். கலந்த நீரில் சிறு காற்றுக்குமிழிகள் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விரலால் தட்டி அவற்றை மேலே அனுப்பிவிட்டுக் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். எண்ணெயிலும் நுரை இருந்தால் அடங்கும் வரை காத்திருங்கள். குமிழி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நிறை தராது.

ஒரு பிற்பகலில் எங்களுக்குக் கிடைத்த எண்களை அப்படியே தருகிறேன். எண்ணெயும் நீரும் 28 பாகையில் இருந்தன. வெறும் போத்தல் 412 கிராம். நீருடன் 1162 கிராம். அதாவது நீர் 750 கிராம். எண்ணெயுடன் 1100 கிராம். அதாவது எண்ணெய் 688 கிராம்.

சாரடர்த்தி = 688 ÷ 750 = 0.917

நல்ல தேங்காய் எண்ணெய்க்கு இது எதிர்பார்க்கக்கூடிய எண்தான். சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸ், 40 பாகை எண்ணெயை 20 பாகை நீருடன் ஒப்பிட்டு, 0.908 முதல் 0.921 வரை என்று வரையறுக்கிறது. எங்கள் அளவு வேறு வெப்பநிலையில் எடுத்தது என்பதால் இரண்டையும் அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனால் உங்களுக்கு 0.95 என்றோ 0.88 என்றோ வந்தால், எண்ணெயைச் சந்தேகிப்பதற்கு முன்னர் போத்தலையும் கோட்டையும் சந்தேகியுங்கள்.

7. பெருக்கி நிறையைக் காணுதல்

இப்போது ஒரு சிறு படி மிச்சம் இருக்கிறது. சாரடர்த்தி என்பது நீருடன் ஒப்பீடு மட்டுமே. அதை ஒரு லீற்றருக்கு இத்தனை கிலோ என்று மாற்ற, நாம் ஒப்பிட்ட அந்த நீரின் ஒரு லீற்றர் எவ்வளவு நிறுக்கும் என்பதால் பெருக்க வேண்டும். 28 பாகை நீர் ஒரு லீற்றருக்கு 0.996 கிலோ. எனவே:

ஒரு லீற்றர் எண்ணெய் = 0.917 × 0.996 = 0.913 கிலோ

பலரும் இந்த 0.996 ஐ விட்டுவிட்டு 0.917 ஆலேயே பெருக்குவார்கள். இருநூறு லீற்றரில் முக்கால் கிலோதான் வித்தியாசம் வரும். ஒரு பீப்பாய்க்கு அது பெரிதல்ல. ஆண்டுக் கணக்கில் எல்லாப் பீப்பாய்க்கும் ஒரே பக்கமாக முக்கால் கிலோ சேரும்போது, இருப்புப் புத்தகத்தில் இல்லாத எண்ணெய் வளர்ந்துகொண்டே போகும்.

அன்றைய பீப்பாயில் பெரிய வாயால் 78.7, சிறிய வாயால் 78.1, சராசரி 78.4 சென்ரிமீற்றர். அடியில் நீர் இல்லை. எங்கள் குச்சியில் 77.8 என்பது 200.4 லீற்றர். மிகுதி 0.6 சென்ரிமீற்றருக்கு 2.566 வீதம் 1.5 லீற்றர் சேர்த்தால் 201.9, ஏறத்தாழ 202 லீற்றர்.

எண்ணெயின் நிறை = 202 × 0.913 = 184.4 கிலோ

அதே பீப்பாயில், அதே மட்டத்துக்கு, அதே வெப்பநிலையில் நீர் இருந்திருந்தால்:

நீரின் நிறை = 202 × 0.996 = 201.2 கிலோ

இரண்டுக்கும் இடையில் 16.8 கிலோ. ஒரே பீப்பாய், ஒரே மட்டம். ஆனால் நீராக எண்ணிக் கணக்கெழுதியவர் கிட்டத்தட்ட ஒரு பெரிய கேன் எண்ணெயை இல்லாத இடத்தில் உண்டாக்கியிருப்பார். பீப்பாயை இறக்குவதற்கும் தூக்குவதற்கும் வெறும் பீப்பாயின் நிறையையும் சேர்க்க வேண்டும். எங்களுடையது 18.5 கிலோ. எண்ணெயுடன் 203, நீருடன் 220 கிலோ அளவில் வரும். வெறும் பீப்பாயைத் தொங்கு தராசிலேயே நிறுத்துவிடலாம். தகட்டின் தடிப்புக்கேற்ப இது மாறும் என்பதால் ஒன்றின் நிறையை மற்றதற்கு எழுத வேண்டாம்.

போத்தல் கணக்குக்கு வருவோம். 750 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 0.75 × 0.913, அதாவது 685 கிராம் எண்ணெய் இருக்கும். ஒரு கிலோ எண்ணெயில் ஏறத்தாழ 1.46 போத்தல் கிடைக்கும். கிலோ விலைக்கு வாங்கிப் போத்தல் விலைக்கு விற்பவர் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இதே வழிதான். டீசலின் சாரடர்த்தி 0.84 ஐ அண்டியும் மண்ணெண்ணெயினது 0.80 ஐ அண்டியும் இருக்கும். அவற்றுக்குக் கண்ணாடிப் போத்தலைத் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் வைத்து நிறுங்கள். அந்தப் போத்தலையோ குழாயையோ மீண்டும் உணவு எண்ணெய்க்கு எடுக்கக் கூடாது.

8. விடையை எவ்வளவு நம்பலாம்

அன்று வந்த சிட்டையில் 190 கிலோ என்று இருந்தது. எங்கள் கணக்கு 184.4. வித்தியாசம் ஐந்தரைக் கிலோ. இதை அனுப்பியவரிடம் சொல்வதற்கு முன்னர், எங்கள் பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்பதை நான் எண்ணிப் பார்த்தேன். மட்டத்தில் மூன்று மில்லிமீற்றர் பிசகினால் 0.7 கிலோ. தராசு ஒரு கிராம் தவறினால் 0.27 கிலோ. குச்சியின் கோடுகளில் மொத்தமாக அரை லீற்றர் தவறினால் 0.5 கிலோ. இவை எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. ஐந்தரைக் கிலோவை அளவுப் பிழை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

அடுத்த நாட்களில் அந்தப் பீப்பாயிலிருந்து கேன் கேனாக எடுத்த எண்ணெயை எல்லாம் நிறுத்து எழுதினோம், 184.1 கிலோ வந்தது. அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது மிச்சம். அனுப்பியவரிடம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. அவர்களும் நிறுக்கவில்லை; நிரம்பிய பீப்பாய் 208 லீற்றர் என்று எடுத்து, 0.913 ஆல் பெருக்கி, 190 என்று எழுதியிருந்தார்கள். சாரடர்த்தி சரி, பெருக்கலும் சரி. ஆனால் பீப்பாய் அன்று முழுவதும் நிரப்பப்படவில்லை. 208 லீற்றர் இருந்திருந்தால் மட்டம் 80.8 சென்ரிமீற்றரில் நின்றிருக்கும். நாங்கள் கண்டது 78.4. பீப்பாயின் மேற்பக்கத்தில் இரண்டு விரல் அளவு உயரம் குறைந்ததற்கு விலை ஐந்தரைக் கிலோ எண்ணெய்.

9. இரவில் உறைந்துவிட்ட பீப்பாய்

லொறி தாமதமாக வந்து பீப்பாயை அன்றே அளக்க முடியாமல் போவதும் உண்டு. ஒரு தை மாதக் காலையில் புதிய தம்பி ஒருவர் அப்படி ஒரு பீப்பாயைத் திறந்து, வெள்ளையாகத் தெரிந்த மேற்பரப்பில் குச்சியை வைத்து அழுத்தி, அது நின்ற இடத்தை மட்டம் என்று எழுதி வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது பீப்பாயின் சுவரையொட்டி எண்ணெய் உயரமாகவும் நடுவில் கிண்ணம் போலக் குழிந்தும் இருந்தது. சுவர்ப்பக்கம் முதலில் குளிர்ந்து இறுகுகிறது. நடுப்பகுதி கடைசியாக இறுகும்போது சுருங்கி உள்ளே இறங்குகிறது. குச்சி குழியில் நின்றால் ஓர் எண், ஓரத்தில் நின்றால் வேறோர் எண், மென்மையான இடத்தில் உள்ளே போய்விட்டால் இன்னோர் எண். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்களும் இருக்கலாம். திரவ எண்ணெயின் சாரடர்த்தியும் இறுகிய எண்ணெய்க்குப் பொருந்தாது. இந்த நிலையில் எந்தக் கணக்கும் செய்யாதீர்கள்.

பீப்பாயை இளக்கிவிட்டே அளக்க வேண்டும். முதலில் இரண்டு மூடிகளையும் தளர்த்துங்கள். மூடியபடி சூடாக்கினால் உள்ளே விரியும் காற்றுக்கும் எண்ணெய்க்கும் போக இடமிருக்காது. நேரடி நெருப்பு வேண்டாம், அடியில் எரியும், மேலே இறுகியபடியே இருக்கும். வெயில் கிடைத்தால் வெயிலில், இல்லாவிட்டால் வெதுவெதுப்பான அறையில் வைத்து, வெந்நீரில் நனைத்த சாக்குகளைச் சுற்றி மாற்றிக்கொண்டே இருந்தால், முழுப் பீப்பாயும் இளக ஒரு பகல் போய்விடும். மேலே தெளிந்துவிட்டது என்று அவசரப்படக் கூடாது. நடுவில் இறுகிய கட்டி இருப்பது குச்சியைக் குறுக்கே அசைத்தால் தட்டுப்படும். கட்டி எதுவும் தட்டாமல், குழாயில் எடுத்த எண்ணெய் மேலும் கீழும் ஒரே தெளிவாக வந்த பின்னர், ஒருமுறை கலக்கி, வெப்பநிலையை மேலேயும் அடியிலும் பார்த்து, இரண்டும் இரண்டு பாகைக்குள் வந்ததும் நான்காம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பீப்பாயில் தம்பி முதலில் எழுதிய மட்டம் 71 சென்ரிமீற்றர். இளகிய பின் நாங்கள் இருவரும் சேர்ந்து அளந்தபோது 77.5 நின்றது. புத்தகத்தில் பழைய எண்ணை அழிக்காமல், அதன் மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் "உறைந்த நிலையில் எடுத்தது" என்று எழுதி, புதிய மட்டத்தையும் வெப்பநிலையையும் சாரடர்த்தியையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினோம். மூன்றையும் ஒரே வரியில் எழுதினால்தான், பின்னால் யார் எடுத்துப் பார்த்தாலும் அந்த நிறையைத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ள முடியும்.